தேய்க்காமல் போகும் காபிக் கறை

அலுவலக மேசையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் மக் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உட்புறத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில பழுப்பு வளையங்கள் தெரியும். மேலே இருக்கும் வளையம்தான் பெரும்பாலும் அடர்த்தியாக இருக்கும். டீயை ஊற்றிவிட்டு வேலையில் மூழ்கி, கால் மணி நேரம் கழித்துக் குடிக்கத் தொடங்கிய இடம் அது. அதன் கீழே உள்ள ஒவ்வொரு வளையமும் ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி மக்கைக் கீழே வைத்த இடம். கறை மக் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. டீயும் காற்றும் மக்கின் சுவரும் ஒன்றாகச் சந்திக்கும் கோட்டில்தான் அது முதலில் பிடிக்கிறது.

இந்த ஒரு விவரத்திலேயே கறையின் குணம் பாதி புரிந்துவிடும். வெறும் சாயம் ஒட்டியிருந்தால் அடிப்பகுதிதான் அதிகம் கறுத்திருக்க வேண்டும், ஏனென்றால் டீ அங்கேதான் நெடுநேரம் நிற்கிறது. அப்படி ஆகாததற்குக் காரணம், கறை உருவாகக் காற்றில் உள்ள ஆக்சிஜனும் தேவைப்படுவதுதான்.

டீத்தூளில் பாலிஃபீனால் என்னும் சேர்மங்கள் நிறைய உள்ளன. வாயில் துவர்ப்பாக உணரப்படுவது இவற்றைத்தான். டீயின் சிவப்பும் பழுப்பும் இவற்றிலிருந்தே வருகின்றன. சூடான டீயின் மேற்பரப்பில் இவை ஆக்சிஜனோடு சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாக மாறுகின்றன. தண்ணீரில் உள்ள கால்சியம் அவற்றைப் பிணைக்க, மெல்லிய ஏடு ஒன்று மிதக்கிறது. ஆறிப்போன கறுப்பு டீயின் மேல் எண்ணெய் படர்ந்தது போல மினுங்குவது அதுதான். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் ஸ்பைரோவும் டியோகிராஷியஸ் ஜகன்யியும் இந்த ஏட்டை ஆராய்ந்து 1993-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். உப்புகள் இல்லாத வாலைவடி நீரில் டீ போட்டால் ஏடு வருவதே இல்லை என்று அவர்கள் கண்டார்கள். கால்சியமும் பைகார்பனேட்டும் கலந்த கடின நீரில்தான் அது வருகிறது. 2021-ல் சூரிக் நகரின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் கரோலின் ஜியாகோமினும் பீட்டர் ஃபிஷரும் அதே ஏட்டின் வலிமையை அளந்தார்கள். தண்ணீரின் கடினத்தன்மை கூடக் கூட ஏடு உறுதியாகிறது, சிட்ரிக் அமிலம் சேர்த்தால் அது மெலிகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

டீ மட்டம் இறங்கும்போது இந்த ஏடு சுவரில் படிந்து காய்கிறது. மறுநாள் அதன் மேல் இன்னொரு படலம். வாரக் கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்த பிறகு, பாத்திரம் கழுவும் திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தால் அது அசையாது. அந்தத் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத் தயாரிக்கப்பட்டது. கால்சியத்தால் இறுகிப்போன பாலிஃபீனால் படலத்தை அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

காபியின் கதை கொஞ்சம் வேறு. கொட்டையை வறுக்கும்போது உருவாகும் பழுப்பு நிறப் பொருள்களோடு காபிக்கே உரிய எண்ணெயும் அதில் சேர்கிறது. அந்த எண்ணெய் நாள்பட்டால் சிக்கடித்துப்போகும். நம் வீடுகளில் ஃபிளாஸ்க்கில் ஊற்றுவது பெரும்பாலும் பால் சேர்த்த காபி. அதனால் பாலின் புரதம், கொழுப்பு, கால்சியம் மூன்றும் படலத்தில் கலந்துவிடுகின்றன. டீக்கறை பார்வைக்குத்தான் கெடுதல். பால் காபியின் கறையோ மூக்குக்கும் தெரியும். ஃபிளாஸ்க்கைத் திறந்ததும் வரும் அந்தப் பழைய வாடைக்குக் காரணம் இதுதான்.

தண்ணீரின் பங்கை ஒரே ஊருக்குள்ளேயே பார்க்கலாம். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு வரையறுத்துள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீரில் டீ போடும் வீட்டில் மக் சீக்கிரமே பழுத்துவிடும். ஆர்.ஓ. நீரில் போடும் வீட்டில் அதே மக் நெடுநாள் வெள்ளையாக இருக்கும். டீத்தூளை மாற்றிப் பார்த்துப் பயனில்லாமல் போனவர்கள் தண்ணீரைக் கவனிக்கலாம்.

கறை போகவில்லையென்றால் கை தானாகக் கம்பி நாரைத் தேடுகிறது. பீங்கான் மக்குக்கு நேரும் பெரிய கேடு இதுதான்.

பீங்கானின் மேல் உள்ள பளபளப்பு ஒரு கண்ணாடிப் பூச்சு. சூளையில் உருகிப் படிந்து இறுகிய அந்தப் பூச்சு, புதிதாக இருக்கும்போது மிக வழவழப்பாக இருக்கும். கறை அதன் மேலே உட்காருமே தவிர உள்ளே இறங்காது. ஸ்டீல் கம்பி நாரோ, முரட்டுத் துகள் கலந்த தேய்ப்புப் பொடியோ, ஆற்று மணலோ அதன் மேல் திரும்பத் திரும்ப உரசினால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். முதல்முறை கறை போய்விடும், மக் பளிச்சென்றும் இருக்கும். அடுத்த மாதம் கறை முன்பைவிட வேகமாகப் பிடிக்கும், ஏனென்றால் இப்போது அது ஒட்டிக்கொள்ள ஆயிரம் கீறல்கள் இருக்கின்றன. ‘இந்த மக் சீக்கிரம் கறை பிடிக்கிற ரகம்’ என்று ஒதுக்கப்படும் மக்குகளில் பல இப்படித் தேய்த்தே கெடுக்கப்பட்டவை.

மக்குக்குப் போதுமான பொருள் அடுப்படியிலேயே இருக்கிறது. ஆப்ப சோடா என்றும் சமையல் சோடா என்றும் சொல்லப்படும் வெள்ளைப் பொடி கண்ணாடிப் பூச்சைவிட மிகவும் மென்மையானது. அதன் துகள்கள் காய்ந்த கறையைச் சுரண்டும், பூச்சைக் கீறாது. தண்ணீரில் கரைந்தால் லேசான காரத்தன்மையும் தருவதால், படலம் கொஞ்சம் இளகும்.

இதைப் பயன்படுத்துவதில் பலர் தண்ணீரை அதிகம் ஊற்றிவிடுகிறார்கள். மக் நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை சோடாவைப் போட்டால், அது கரைந்து துகளே இல்லாமல் போய்விடும். மக்கைக் கழுவித் தண்ணீரை உதறிவிட்டு, ஈரமான உட்புறத்தில் ஒரு தேக்கரண்டி சோடாவைத் தூவ வேண்டும். இட்லி மாவு பதத்தைவிடவும் கெட்டியாக, விரலில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பசையாக அது இருக்க வேண்டும். ஈரத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு வளையத்தின் மேல் ஒரு நிமிடம் வட்டமாகத் தேய்த்தால், வெள்ளைப் பசை சந்தன நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் மாறும். அந்த நிறமாற்றம்தான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். பசை வெள்ளையாகவே இருந்தால், அங்கே இருப்பது டீக்கறை அல்ல என்று சந்தேகிக்கலாம்.

அப்படி வேறாக இருப்பவற்றில் இரண்டு அடிக்கடி காணப்படுபவை. மக்கின் அடியில் பென்சிலால் கிறுக்கியது போலச் சாம்பல் நிறக் கோடுகள் இருந்தால், அவை ஸ்பூனிலிருந்து வந்தவை. சர்க்கரையைக் கலக்கும்போது ஸ்பூனின் உலோகம் பூச்சின் மேல் மெல்லிசாக ஈஷிக்கொள்கிறது. சோடா அதை முழுதாக எடுக்காமல் போகலாம். சிட்ரிக் அமிலக் கரைசலைச் சற்று நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் மங்கும்.

இரண்டாவது, சிலந்தி வலை போல மெல்லிய பழுப்புக் கோடுகள். இது பூச்சில் விழுந்த வெடிப்பு. உள்ளே இருக்கும் மண்ணும் மேலே உள்ள கண்ணாடிப் பூச்சும் சூட்டில் விரிந்து சுருங்கும் அளவு ஒத்துப்போகாவிட்டால் பூச்சு நூலிழை நூலிழையாக வெடிக்கும். டீ அந்த வெடிப்பு வழியே உள்ளே உள்ள மண்ணுக்குள் இறங்கிவிடும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓரிரு நாள் ஊறவைத்தால் வெளிறலாம், மறுபடி டீ ஊற்றினால் திரும்பி வரும். வெடிப்புக்குள் இறங்கிய பாலைக் கழுவி எடுக்க முடியாது என்பதால், அந்த மக்கைக் குடிப்பதற்கு வைத்துக்கொள்ளாமல் பேனா போட்டு வைக்கலாம்.

சோடாவோடு வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ சேர்க்கும் வழி இன்று வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. பொங்கி வரும் நுரை பார்க்கப் பெரிய வேலை செய்வது போல இருக்கும். உண்மையில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, வெறும் உப்புக் கரைசலும் கரியமில வாயுவும்தான் மிஞ்சுகின்றன. சோடாவுக்கும் வினிகருக்கும் தனித்தனியே பலன் உண்டு. சோடா நிறத்தையும் கொழுப்பையும் இளக்கும், வினிகர் கால்சியத்தைக் கரைக்கும். ஒன்றை முடித்துக் கழுவிவிட்டு மற்றதைச் செய்தால் இரண்டின் பலனும் கிடைக்கும். ஒன்றாகக் கலந்தால் இரண்டும் வீண். மூடிய ஃபிளாஸ்க்குக்குள் இந்தக் கலவையைச் செய்தால் வாயுவின் அழுத்தத்தில் மூடி தெறிக்கும்.

ஃபிளாஸ்க்குக்கு வந்தால் சிக்கலே வேறு. அதன் வாய் குறுகல், உள்ளே கை போகாது. டார்ச் அடித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும். மக்கில் காபி பத்து நிமிடம் நிற்கிறது என்றால், ஃபிளாஸ்க்கில் காலை ஆறு மணிக்கு ஊற்றியது பத்து மணி வரைக்கும் சூடு ஆறாமல் நிற்கிறது. கறை பிடிக்க அவ்வளவு வசதியான இடம் சமையலறையில் வேறு இல்லை.

நீளக் கைப்பிடிப் புருசு அடிவரை போகும், ஆனால் கழுத்துக்குக் கீழே விரிந்திருக்கும் தோள்பட்டைப் பகுதியைத் தொடாது. ஒரு பிடி பச்சரிசியும் சோடாவும் வெந்நீரும் போட்டுக் குலுக்கும் பழைய வழி ஓரளவு உதவும். அரிசி உரசும் இடங்களில் கறை போகும், மற்ற இடங்களில் திட்டுத் திட்டாக நிற்கும். குறுகிய வாய்க்கு உள்ளே, எல்லா மூலைக்கும் ஒரே அளவில் போய்ச் சேரக்கூடியது திரவம் ஒன்றுதான். எனவே, தேய்ப்பதை விட்டுவிட்டு நிறத்தைக் கரைக்கும் திரவத்தைத் தேட வேண்டும்.

அந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது சோடியம் பெர்கார்பனேட். துணிக்கறை நீக்கும் ‘ஆக்சிஜன்’ பொடிகளிலும், பாத்திரம் கழுவும் எந்திரத்துக்கான வில்லைகளிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். வாசனையும் நுரைப்பானும் சேராத தனிப் பெர்கார்பனேட்டும் இணையக் கடைகளில் கிடைக்கிறது. உணவுப் பாத்திரத்துக்கு அதுவே மேல். தண்ணீரில் விழுந்ததும் இது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி வாஷிங் சோடா, அது கொழுப்பையும் பால் புரதத்தையும் இளக்குகிறது. மறுபாதி ஹைட்ரஜன் பெராக்சைடு, அது பழுப்பு மூலக்கூறுகளை உடைத்து நிறமில்லாததாக்குகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் மெதுவாகக் கட்டிய கறையை, அதைவிட வேகமான ஆக்சிஜன் உடைத்து எடுத்துவிடுகிறது.

ஒரு லிட்டர் கொள்ளும் ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதமாகத் தினமும் கடைக்குப் பால் காபி கொண்டுபோனது. தினமும் வெந்நீர் விட்டு அலசப்பட்டது, அதற்கு மேல் எதுவும் செய்யப்படவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அடிப்பாகம் கருஞ்சிவப்பாகவும், மேலே போகப் போகப் பழுப்பாகவும் தெரிகிறது. மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை வருகிறது.

முதலில் மூடியைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். ஃபிளாஸ்க்கைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நிறுத்தி, ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம் பொடியை உள்ளே போட வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி ஐந்து, பத்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பெராக்சைடு கறையைத் தொடுவதற்கு முன்பே வாயுவாகப் பிரிந்து வீணாகும். பச்சைத் தண்ணீரில் வேலை மிக மெதுவாக நடக்கும். முதலில் கால் பங்கு ஊற்றி, நுரை அடங்கியதும் மீதியை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் பழுப்பு நுரை பொங்கி வெளியே வழியும். வெளிப்புறத்தில் வண்ணப் பூச்சு இருந்தால் அது வெளுத்துவிடக்கூடும், வழிந்ததை உடனே கழுவிவிட வேண்டும்.

மூடி மட்டும் போடவே கூடாது. 15 கிராம் பெர்கார்பனேட் முழுவதும் பிரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் ஆக்சிஜன் வாயு வெளியாகும். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் தண்ணீரும் நிறைந்திருக்க, அவ்வளவு வாயுவுக்கு உள்ளே இடமில்லை. குலுக்க வேண்டும் என்று மூடியைத் திருகியவர் கையில் அது வெடித்தாற்போல் திறந்து, சூடான காரநீர் முகத்தில் அடிக்கும். இந்த வேலையில் உண்மையான அபாயம் இது ஒன்றுதான் என்பதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையுறை போட்டுக்கொள்வதும், குழந்தைகள் எட்டாத இடத்தில் வைப்பதும் இதோடு சேர்ந்தவை.

அடுத்து நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். முதல் சில நிமிடங்களில் வாய்ப்பகுதியில் நுண்ணிய குமிழிகள் சீறும். பத்து நிமிடத்தில் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அதன்பின் கருவேப்பிலைச் சருகு போன்ற மெல்லிய பழுப்புச் செதில்கள் சுவரிலிருந்து கழன்று மேலே மிதக்கத் தொடங்கும். அரை மணியில் தண்ணீரின் நிறமே வெளிறத் தொடங்குவதுண்டு, கழன்று வந்த சாயத்தையும் பெராக்சைடு வெளுப்பதால். சூட்டைப் பிடித்து வைப்பதில் ஃபிளாஸ்க்கே உதவிக்கு நிற்கிறது. மக்கில் ஊற்றிய கரைசல் சீக்கிரம் ஆறிவிடும். ஃபிளாஸ்க்கிலோ, மூடி இல்லாவிட்டாலும் வெகுநேரம் சூடு நிற்பதால் வேலையும் தொடர்ந்து நடக்கும்.

ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டிவிட்டு, மூன்று முறை நல்ல தண்ணீரால் அலசி, மறுபடி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதக் கறையில் பெரும்பகுதி போயிருக்கும். அடியில் மட்டும் ஒரு வட்டம் எஞ்சியிருந்தால் பொடியைக் கூட்டத் தேவையில்லை. அதே அளவில் புதிதாக ஒருமுறை கரைத்து ஊற்றினால் போதும், பழைய கரைசலில் வேலை செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது.

பெர்கார்பனேட் கிடைக்காத ஊரிலும் அதையே வீட்டில் உருவாக்கிக்கொள்ளலாம். மருந்துக் கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சிறு பாட்டிலில் கிடைக்கும். அதில் சுமார் 75 மில்லி, மளிகைக் கடையில் கிடைக்கும் வாஷிங் சோடா ஒரு மேசைக்கரண்டி, மேலே சூடான தண்ணீர். விளைவு கிட்டத்தட்ட அதேதான், மூடி போடக் கூடாது என்ற விதியும் அதேதான். வாஷிங் சோடா இல்லையென்றால் ஆப்ப சோடா இரண்டு மேசைக்கரண்டி போடலாம், வேகம் கொஞ்சம் குறையும்.

நிறம் போன பிறகும் சில ஃபிளாஸ்க்குகளின் உட்புறம் மங்கலாக, சாம்பல் பூசியது போல இருக்கும். தொட்டால் சொரசொரப்பாகவும் இருக்கலாம். அது தண்ணீரும் பாலும் விட்டுச்சென்ற கால்சியம். அதற்குக் காரம் உதவாது, அமிலம் வேண்டும். எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் ஒரு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து அரை மணி நேரம் விட்டால், மங்கல் கரைந்து உலோகத்தின் பளபளப்பு திரும்பும். பால் பண்ணைகளில் குழாய்களையும் தொட்டிகளையும் கழுவும் முறையும் இதுதான். முதலில் காரக் கரைசல் ஓடி கொழுப்பையும் புரதத்தையும் எடுக்கும், அதன்பின் அமிலக் கரைசல் ஓடி பால் கல் எனப்படும் கால்சியப் படிவை எடுக்கும். நடுவில் தண்ணீர் ஓடும். நம் பாட்டிமார் பாத்திரம் தேய்க்க அடுப்புச் சாம்பலையும் புளியையும் வைத்திருந்ததில் இதே ஜோடி இருந்தது. விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் காரம், புளியில் உள்ளது டார்டாரிக் அமிலம்.

அமிலம் என்றதும் கழிப்பறை சுத்தம் செய்யும் திரவத்தை எடுப்பவர்கள் உண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஃபிளாஸ்க்கின் ஸ்டீலுக்கு அது நஞ்சு. காரணத்தைத் தெரிந்துகொண்டால் எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது என்பது தானே விளங்கும்.

நல்ல ஃபிளாஸ்க்குகளின் உட்சுவர் 304 என்ற ரக ஸ்டீல். ஃபிளாஸ்க்கின் அடியில் 18/8 என்று பொறித்திருப்பது அதைத்தான் குறிக்கிறது. ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். இந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்கே தெரியாத ஆக்சைடு தோல் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் தோல் மறுபடி வளர்ந்துவிடும். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது இதனால்தான். இந்தத் தோலைத் துளைப்பதில் குளோரைடு கெட்டிக்காரன். துணிக்குப் போடும் குளோரின் ப்ளீச், ப்ளீச்சிங் பவுடர், ஹைட்ரோகுளோரிக் அமிலம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உப்பும் எலுமிச்சையும் கலந்து இரவு முழுக்க ஊறவைத்தாலும் அதே ஆபத்து. குளோரைடு ஊசி முனை அளவுக்குப் பள்ளம் தோண்டும். அந்தப் பள்ளத்திலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கினால், மெல்லிய உட்சுவர் என்றாவது ஒரு நாள் ஓட்டையாகி, இரு சுவர்களுக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் போய்விடும். அதன்பின் அது வெறும் கூஜாதான், சூடு நிற்காது. பெராக்சைடுக்கு இந்தக் குறை இல்லை. அது வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுகிறது.

குளோரின் ப்ளீச்சையும் அமிலத்தையும் எந்தப் பாத்திரத்திலும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உடனே குளோரின் வாயு வெளிப்படும், மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கம்பி நாரை ஃபிளாஸ்க்குக்குள் விட்டுக் குச்சியால் சுழற்றுவதும் தவறு. நாரின் இரும்புத் துணுக்குகள் ஸ்டீலில் பதிந்து, சில நாளில் செம்புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். ஃபிளாஸ்க்கே துருப்பிடித்துவிட்டதாகப் பலர் கருதுவது இதைப் பார்த்துத்தான். பெர்கார்பனேட்டில் ஊறிய பின்னும் போகாத, புள்ளி புள்ளியான செந்நிறம் இருந்தால் அது காபியல்ல, துரு. சிட்ரிக் அமிலக் கரைசல் மேலோட்டமான துருவை எடுத்துவிடும். எடுத்த ஓரிரு வாரத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். உட்சுவரில் எண்ணெய் மினுக்கம் போல நீலமும் பொன்னிறமும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மெல்லிய தாதுப் படலத்தில் ஒளி பட்டு வரும் நிறங்கள் அவை, அமிலக் கழுவலில் போய்விடும்.

சூட்டுக்காக ஃபிளாஸ்க்கையே அடுப்பில் வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்கவும் கூடாது. இரு சுவர்களுக்கு இடையே அடைக்கப்பட்ட வெற்றிடமும் அதன் அடிமூட்டும் நேரடித் தீயைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல.

ஃபிளாஸ்க் பளிச்சென்று ஆன பிறகும் வாடை மட்டும் போகாமல் இருந்தால், குற்றவாளி மூடிதான். மூடியின் உட்பள்ளத்தில் ஒரு சிலிக்கான் வளையம் இருக்கும். மழுங்கிய தேக்கரண்டிக் காம்பால் நெம்பினால் அது கழன்று வரும். அதன் மறுபுறத்தில் பழுப்பும் கறுப்புமாக ஒட்டியிருப்பது மாதக்கணக்கில் தேங்கிய பாலும் காபியும், சில வேளை பூஞ்சையும். வளையத்தையும் மூடியின் பிளாஸ்டிக் பாகங்களையும் ஒரு கிண்ணத்தில், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அதே கணக்கில் கரைத்த பெர்கார்பனேட்டில் அரை மணி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் புருசால் தேய்த்துக் கழுவலாம். மூடியில் அலுமினியத் தகடு இருந்தால் அதை இதில் போடக் கூடாது, காரநீர் பட்டு கறுத்துவிடும். அமுக்கிக் காபி ஊற்றும் வகை மூடியென்றால், கரைசலைக் குழாய் வழியாக நான்கைந்து முறை அமுக்கி வெளியேற்றி, பின் தண்ணீராலும் அதேபோல் அலச வேண்டும். வளையம் வெடித்தோ இறுகியோ போயிருந்தால் அதே அளவில் புதிது வாங்கிப் போடுவதே சரி.

இப்படி ஒருமுறை சுத்தம் செய்த பின், தினசரி வேலை மிகச் சிறியது. காபி தீர்ந்த உடனே வெந்நீர் விட்டு அலசிக் கொட்டிவிட்டால் படலம் காய்ந்து இறுக வாய்ப்பே இல்லை. மாலை வரை மூடியோடு வைத்து, வீட்டுக்கு வந்து கழுவும் வழக்கம்தான் கறையை வளர்க்கிறது. இரவில் பாத்திரத் திரவத்தால் கழுவி, மூடியையும் வளையத்தையும் தனித்தனியே விட்டு, ஃபிளாஸ்க்கைத் தலைகீழாகக் காயவைக்க வேண்டும். தினமும் பால் காபி போகும் ஃபிளாஸ்க்குக்கு மாதம் ஒருமுறை பெர்கார்பனேட் போதும், அப்போது அரை மேசைக்கரண்டியே தாராளம். கடின நீர் உள்ள வீடு என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலமும் விடலாம். வெறும் கறுப்பு டீ போகும் ஃபிளாஸ்க்கில் கொழுப்பு சேராததால் வாடை வராது, அதற்கு டார்ச் அடித்துப் பார்த்து, பழுப்பு தெரியும்போது செய்தாலே போதும்.